ஸ்பானிய நேர்காணல் எழுத்துப்படியைச் சரிசெய்வது எப்படி?

கேள்வி: ஸ்பானிய மொழியில் ஒரு நேர்காணலின் எழுத்துப்படி மொழிபெயர்ப்புக்கு வந்திருக்கிறது. நிறுத்தக்குறிகள் இல்லை, எழுத்துப்பிழைகள் நிறைய, எது யார் பேச்சு என்றும் பிரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

முதலில் ஒலிப்பதிவைக் கேட்டு வாங்குங்கள். உங்களிடமும் அதைத் தராமல், எழுத்துப்படி போதும் என்று சொல்லியிருப்பார்கள் என நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் கொலம்பியாவின் மெடெயின் நகரத்தைச் சேர்ந்த ஒரு தையல்காரப் பெண்மணியின் வாழ்க்கை நேர்காணல் என்னிடம் வந்தது. ஜவுளிக்குப் பெயர்போன ஊர் அது. எடுத்தவர் ஓர் இளம் பெண். தட்டச்சு செய்தவர் இரண்டு பேருக்குமே 'E' என்ற எழுத்தைப் போட்டிருந்தார். ஸ்பானியத்தில் பேட்டி எடுப்பவர் 'எந்த்ரெவிஸ்தாதோரா', கொடுப்பவர் 'எந்த்ரெவிஸ்தாதா'. இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் இந்தக் குழப்பம் அடிக்கடி நேர்கிறது. இரண்டாம் பக்கத்துக்குமேல் அந்த எழுத்தும் இல்லை. நான்காம் பக்கத்தில் இப்படி ஒரு வரி:

```
y trabajaba en la casa si cocía de noche
tenía luz no tenía velas
```

ஒருவரே பேசுவதாக எடுத்துக்கொண்டு படித்தால் பொருள் இது: "வீட்டில் வேலை செய்தேன். இரவில் சமைத்தால் மின்விளக்கு இருந்தது. மெழுகுவர்த்தி இல்லை." இலக்கணம் சுத்தமாக இருக்கிறது. அப்படியே மொழிபெயர்த்தேன். பதினொன்றாம் பக்கத்தில் அந்த அம்மாள், மெழுகு சொட்டி ஒரு கல்யாண உடை பாழானதைச் சொல்கிறார். மெழுகுவர்த்தியே இல்லாத வீட்டில் மெழுகு எப்படிச் சொட்டும்? அடுத்த பக்கத்தில் அதே 'கோஸியா' என்ற சொல் சட்டைகளோடு வருகிறது. எழுத்துப்படி சொல்கிறபடி பார்த்தால் அவர் சட்டைகளை வேகவைத்தார். அங்கேதான் நிறுத்திவிட்டு, ஒலிப்பதிவு வந்தால்தான் மேலே செய்வேன் என்று எழுதினேன். மூன்று கடிதங்களுக்குப் பிறகு அனுப்பினார்கள். கேட்டபோது அந்த வரி இப்படி இருந்தது:

```
E: ¿Y trabajaba en la casa?
I: Sí, cosía de noche.
E: ¿Tenía luz?
I: No, tenía velas.
```

"வீட்டிலேயே வேலை செய்தீர்களா?" "ஆமாம், இரவில் தைப்பேன்." "மின்விளக்கு இருந்ததா?" "இல்லை, மெழுகுவர்த்திதான்." சொற்கள் அப்போதும் பதினான்கு, இப்போதும் பதினான்கு. பொருள் நேர் எதிராகிவிட்டது.

இதற்கு வேர் எங்கே என்று தெரிந்தால்தான் பிழையைக் கண்டுபிடிக்க முடியும். தமிழிலும் 'நான்', 'நீங்கள்' என்று சொல்லாமலே பேசுகிறோம். ஆனால் நம் வினைமுற்று காப்பாற்றிவிடும். செய்தேன், செய்தாள், செய்தீர்கள் என்று விகுதியே ஆளைக் காட்டுகிறது. ஸ்பானியத்திலும் நிகழ்காலத்திலும், ஒருமுறை நடந்து முடிந்ததைச் சொல்லும் இறந்தகாலத்திலும் 'நான்' வேறு, 'அவள்' வேறு. ஆனால் வழக்கமாக நடந்துவந்ததைச் சொல்லும் இறந்தகாலத்தில் 'தெனியா' என்றால் என்னிடம் இருந்தது, அவளிடம் இருந்தது இரண்டும்தான். மரியாதையாக அழைக்கும் 'உஸ்தெத்' என்ற 'நீங்கள்' படர்க்கை வினையையே எடுக்கும் என்பதால், உங்களிடம் இருந்தது என்பதும் அதே 'தெனியா'. வாழ்க்கைக் கதை சொல்லும் நேர்காணலில் இந்த இறந்தகால வடிவம்தான் அடிக்கடி வரும். மெடெயின் பக்கம் குடும்பத்துக்குள்ளேகூட 'உஸ்தெத்' என்று அழைப்பவர்கள் உண்டு.

அதோடு, கேள்வி கேட்க நம் 'ஆ' போன்ற ஒரு விகுதி ஸ்பானியத்தில் இல்லை. சொல்வரிசையும் மாற வேண்டியதில்லை. குரல் மட்டும்தான் கேள்வி. எழுத்தில் அந்தக் குரலுக்குப் பதிலாக நிற்பதுதான் தொடக்கத்தில் தலைகீழாக இடும் கேள்விக்குறி. ஸ்பானிய அகாதமி 1754-இல் அதை விதியாக்கியது அலங்காரத்துக்காக அல்ல. அதை நீக்கினால் கேட்டவரும் சொன்னவரும் ஒருவராகிவிடுகிறார்கள்.

ஆகவே நான் செய்யும் வரிசை இது. முதல் முறை கேட்கும்போது எழுத்துப்பிழை எதையும் தொட மாட்டேன். யார் எங்கே பேச்சை எடுக்கிறார் என்பதை மட்டும் பிரிப்பேன். எடுப்பவருக்கு E, கொடுப்பவருக்கு I ('இன்ஃபொர்மாந்தே', அதாவது தகவல் தருபவர்). நடுவில் எடுப்பவர் 'ஆஹா', 'க்ளாரோ' என்று ஊம் கொட்டுவார். அது கொடுப்பவர் வாய்க்குள் போய்ச் சேர்ந்திருந்தால், கேள்வியில் இருந்ததை அவரே ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும். இரண்டாம் முறை கேள்விக்குறிகளும் 'நோ'வுக்குப் பக்கத்துக் காற்புள்ளிகளும். ஒவ்வொரு 'நோ'விலும் நின்று கேளுங்கள். அது முன்வாக்கியத்தின் 'இல்லையா?' ஆக இருக்கலாம், தனிப் பதிலாக இருக்கலாம், பின்வரும் வினையை மறுப்பதாகவும் இருக்கலாம்.

ஒரே ஒலியுள்ள சொற்களைக் கடைசியில்தான் பார்ப்பேன். ஆள் பிரிந்துவிட்டாலே அவற்றில் பல தாமாகத் தெளியும். மாட்ரிட்டில் 'சமைத்தேன்' என்பதும் 'தைத்தேன்' என்பதும் வேறு ஒலி. லத்தீன் அமெரிக்காவில் இரண்டும் ஒன்றே. அதேபோல் 'விழுந்தார்', 'பேச்சை நிறுத்தினார்' இரண்டுமே அங்கே பெரும்பாலும் 'காயோ' என்றுதான் ஒலிக்கும். எழுத்தில் ஒன்றுக்கு y, மற்றதற்கு ll. ஒலிப்பதிவு இங்கே உதவாது. வாக்கியத்தின் பொருளும் முன்னும் பின்னும் உள்ள பக்கங்களும்தான் உதவும்.

ஸ்பானிய அறிஞர்கள் யாராவது, பேசியதைத் திருத்த நீ யார் என்று கேட்கலாம். பேசியதை நான் திருத்தவில்லை. 'இருக்க' என்பதுபோல் வரும் 'ஆயா' என்ற வினைக்குப் பதிலாக அந்த அம்மாள் சில இடங்களில் கிராமத்து வழக்கில் 'ஆய்கா' என்றார். அது அவருடைய சொல், அப்படியே விட்டேன். அவர் 'ஆயா' என்றே சொன்ன இடங்களில் அதை வேறு எழுத்தில் எழுதி 'கண்டெடுக்கிறார்' என்று பொருள்படச் செய்தது தட்டச்சு செய்தவரின் கை. அதைத்தான் மாற்றினேன். இந்த இரண்டுக்கும் வேறுபாடு தெரியாதவர்கள் ஒரு முழு மனுஷியின் பேச்சைப் பள்ளிக்கூட ஸ்பானியமாகத் தேய்த்துவிடுகிறார்கள்.

கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. அந்த வேலைக்கு எனக்குச் சொல் கணக்கில் பணம். ஒரு பக்கத்தை ஒழுங்குபடுத்த ஒன்றரை மணி நேரம் ஆனது. மொழிபெயர்ப்புக்குப் போட்டார்கள், ஒழுங்குபடுத்தியதற்கு ஒன்றும் இல்லை. "சொல் எண்ணிக்கை மாறவில்லையே" என்பது அவர்கள் பதில். கேள்விக்குறி சொல் அல்லவாம். ஒப்புக்கொள்ளும் முன்பே ஒலிப்பதிவு நிமிடக் கணக்கில் தனிக் கூலி பேசிவிடுங்கள்.

ஒலிப்பதிவு கிடைக்கவே கிடைக்காது என்றால், ஆள் தெரியாத ஒவ்வொரு 'தெனியா'வுக்கும் பொருந்தக்கூடிய வாசிப்புகளை அடுத்தடுத்து எழுதி, பக்க எண்ணோடு ஒரு பட்டியலாக அனுப்புங்கள். நேர்காணல் எடுத்தவருக்கு எது சரி என்று நினைவிருக்கும். என் படியில் ஒரு பஸ் இரைச்சலுக்குள் போன ஐந்து வரிகளை அப்படித்தான் அனுப்பினேன். அவர் நான்கைத் தெளிவுபடுத்தினார். ஐந்தாவது இன்னும் 'கேட்கவில்லை' என்ற குறியோடுதான் இருக்கிறது.