திருநர் கைதிகளுக்குச் சிறையில் எந்த இடம்? தஞ்சாவூர் வக்கீலின் பதில்கள்

மன்னார்குடி, ஒரு தாய்: என் பிள்ளை திருநங்கை. ஆதாரில் ஆண் பெயர்தான். நேத்து சாயங்காலம் ரிமாண்ட் பண்ணிட்டாங்க. எங்கே வைப்பாங்க?

அம்மா, முதலில் ரிமாண்ட் உத்தரவின் நகலை வாங்குங்கள். ஸ்டேஷனில் 'ஆண்' என்று எழுதினால் அதுவே ரிமாண்ட் உத்தரவுக்குப் போகும், அங்கிருந்து சிறைப் பதிவேட்டுக்குப் போகும். அதைப் பார்த்துத்தான் வார்டு ஒதுக்குவார்கள். 2022 ஜனவரியில் உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய அறிவுரை, பதிவேட்டில் திருநர் என்று தனியாகக் குறிக்கவும், திருநங்கைக்கும் திருநம்பிக்கும் தனித்தனி இடமும் தனிக் கழிப்பறையும் குளியலிடமும் ஒதுக்கவும் சொல்கிறது. ஆனால் யாராவது கேட்டால்தான் இது நடக்கிறது.

என்னிடம் வந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். 24 வயது திருநங்கை, திருட்டு வழக்கு, வெள்ளிக்கிழமை மாலை ரிமாண்ட். பேப்பரில் 'ஆண்' என்று இருந்தது. கிளைச் சிறையில் ஆண்கள் அறையில் போட்டுவிட்டார்கள். திங்கள் காலை அதே மாஜிஸ்ட்ரேட் முன் மனு போட்டோம். அதில் நான்கு விஷயம்தான் கேட்டேன்: பாலினத்தைத் திருத்த வேண்டும், அவர் விரும்பும் இடத்தைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும், சோதனையை அவர் விரும்பும் பாலினத்தவர் அல்லது பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளர் செய்ய வேண்டும், ஹார்மோன் மாத்திரை நிற்கக் கூடாது. மாத்திரைச் சீட்டின் நகலையும் இணைத்தேன். அன்று மாலையே உத்தரவு வந்தது. அந்த மூன்று இரவும் அவர் தூங்கவே இல்லை என்று பிறகு சொன்னார். ஆகவே ரிமாண்டுக்கு நிறுத்தும்போதே வக்கீல் வாயைத் திறக்க வேண்டும். வக்கீல் இல்லையா? காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும், வருமானம் பார்க்காமல், சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தரும். 15100-க்கு இப்போதே கூப்பிடுங்கள்.

கும்பகோணம், மாணவர்: திருநர் அடையாளச் சான்று இல்லாட்டா எதுவும் கேட்க முடியாதுல்ல?

முடியும். உச்ச நீதிமன்றத்தின் 2014 நால்சா தீர்ப்பு, தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை ஏற்றிருக்கிறது. சான்று கையில் இருந்தால் வேலை சுலபம், அவ்வளவுதான். உள்ளே இருந்தபடியே விண்ணப்பிக்கச் சிறை நிர்வாகம் உதவ வேண்டும் என்றும் மேலே சொன்ன உள்துறை அறிவுரையில் இருக்கிறது.

பட்டுக்கோட்டை, ஓய்வுபெற்ற வார்டர்: எதுக்கு இவ்வளவு பேச்சு? தனி அறையில் போட்டுப் பூட்டினால் யாரும் தொட முடியாது. பிரச்சினை தீர்ந்தது.

ஐயா, பாதி சரி. முதல் இரவில் தனி இடம் பாதுகாப்புதான். அதுவே வாரக்கணக்கில் நீண்டால், குற்றமே செய்யாமல் தனிமைத் தண்டனை ஆகிவிடும். தனி இடம் முழுத் தனிமையாக மாறக் கூடாது என்று அறிவுரையே எச்சரிக்கிறது. மற்றவர்களுக்கு உள்ள நடை நேரம், வேலை, நூலகம், பார்க்க வருபவரைச் சந்திக்கும் மனு நேரம் இவருக்கும் உண்டா என்று பாருங்கள். இதில் ஏதாவது குறைந்தால் அது பாதுகாப்பு இல்லை.

திருச்சி, திருநங்கை: நான் பதினோரு நாள் உள்ளே இருந்தேன் அக்கா. ஆஸ்பத்திரி வார்டில் தனியாத்தான். ஆனா பெண்கள் சிறைக்கு அனுப்பியிருந்தா இன்னும் பயந்திருப்பேன். அங்கே என்னைப் பெண்ணா ஏத்துக்குவாங்களா?

உங்கள் பயத்தை நான் மறுக்க மாட்டேன் தங்கச்சி. பெண்கள் சிறைதான் சரி என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள், தனிப் பிரிவுதான் என்பவர்களும் இருக்கிறார்கள். ஒரே விதி எல்லோருக்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒருவரைக் கேட்காமல் இடத்தை முடிவு செய்வதுதான் தவறு. ஆனால் அறிவுரை என்பது சட்டம் இல்லை. மீறினால் அதற்கென்று தண்டனை கிடையாது, உயிர் வாழும் உரிமையைத் தரும் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவை வைத்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வேண்டியிருக்கும். தஞ்சாவூர், திருச்சி என்றால் மதுரைக் கிளை. திருவாரூர், நாகப்பட்டினம் என்றால் சென்னை.

மன்னார்குடி, அதே தாய்: நான் அவளோட பெத்த அம்மா. திருநங்கைகள் ஜமாத்தில் அவளை மகளா எடுத்துக்கிட்ட அம்மாவும் பார்க்கணும்கறாங்க. விடுவாங்களா?

உறவினர் மட்டுமில்லை, நண்பரும் மனு பார்க்கலாம். அவரையும் சேர்க்கச் சொல்லி உங்கள் மகளே ஜெயிலரிடம் எழுதிக் கொடுக்கட்டும். நீங்கள் இருவரும் சேர்ந்தே போங்கள். முதல் தடவை பார்க்கும்போது உடம்பில் காயம் உண்டா, மாத்திரை கிடைக்கிறதா, இரவில் எந்த அறை என்று மூன்றும் கேளுங்கள். யாராவது கை வைத்திருந்தால் அன்றே கண்காணிப்பாளருக்கும் மாவட்ட நீதிபதிக்கும் எழுத்தில் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பாதீர்கள்.

நாகப்பட்டினம்: ஆதாரில் ஆண்னு இருந்தா…

மேலே முதல் பதிலைப் படியுங்கள்.

திருவாரூர்: திருநருக்கு வீட்டுமனைப் பட்டா எப்படி வாங்குவது?

இது சிறை விஷயம் இல்லை. தாசில்தார் அலுவலகத்தில் கேளுங்கள்.