சம்பளச் சீட்டு தர முடியாதபோது

“புதிய நிறுவனத்தின் மனிதவளத் துறை கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளைக் கேட்கிறது. அவற்றை வெளியே காட்டக் கூடாது என்று என் பணி ஒப்பந்தத்தில் இருக்கிறது. எப்படி மறுப்பது?”

மறுப்பையும் மாற்று வழியையும் ஒரே கடிதத்தில் எழுதுங்கள். வெறுமனே “தர இயலாது” என்றால் எதையோ மறைக்கிறீர்கள் என்று நினைப்பார்கள். நான் இப்படி எழுதுவேன்:

“என் தற்போதைய பணி ஒப்பந்தப்படி சம்பளச் சீட்டுகளைப் பகிர எனக்கு அனுமதியில்லை. பொறுத்தருளவும். வருமான வரித் துறையின் படிவம் 26ஏஎஸ், சம்பளம் வரவான வங்கிக் கணக்கு அறிக்கை இரண்டையும் தருகிறேன். இவை போதுமா என்று தெரிவியுங்கள்.”

26ஏஎஸ் படிவத்தை வருமான வரி இணையதளத்தில் நீங்களே எடுக்கலாம். அதில் நிறுவனம் உங்களுக்குக் கொடுத்த தொகையும் பிடித்த வரியும் இருக்கும். அடிப்படைச் சம்பளம், படிகள் என்ற பிரிவு இருக்காது. ஆனால் நிறுவனம் காலாண்டுக் கணக்கைத் தாக்கல் செய்த பிறகே பதிவு தெரியும். ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான சம்பளம் ஜூலை இறுதியில்கூட வராமல் இருக்கலாம். வரியே பிடிக்கப்படாதவருக்கு இது பயன்படாது.

அந்த இடைவெளியை வங்கி அறிக்கை நிரப்பும். சம்பள வரவைத் தவிர மற்ற பதிவுகளை மறைத்து, மறைத்திருப்பதைச் சொல்லிவிடுங்கள். அதில் தெரிவது பிடித்தம் போக மீதித் தொகை. 70,000 ரூபாய் சம்பளத்தில் வருங்கால வைப்பு நிதி, வரி எல்லாம் போய் 63,000 வரவாகியிருந்தால், அந்த வித்தியாசத்தைக் கடிதத்திலேயே விளக்குங்கள். இல்லையென்றால் 63,000 ரூபாயை வைத்தே பேரம் பேசுவார்கள்.

ஒப்பந்தத்தில் தடை “சம்பள விவரம்” முழுவதற்குமா, ஆவணத்துக்கு மட்டுமா என்று முதலில் பாருங்கள். முழுவதற்கும் என்றால் இந்த வழியும் பொருந்தாது. எதிர்பார்க்கும் சம்பளத்தை மட்டும் சொல்லுங்கள்.