நுழைவுச் சீட்டில் க்யூஆரை எங்கே வைப்பது?

"வில்லுப்பாட்டு நிகழ்ச்சிக்கு 800 டிக்கெட் அடிக்கிறோம். நம்பர், க்யூஆர், கிழித்து வாங்கிக்கொள்ள அடிச்சீட்டு எல்லாம் வேண்டும். க்யூஆர் துளைவரிசையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கணும்?"

10 மி.மீ. விடுங்கள். பாளையங்கோட்டையில் ஒரு கலை விழாவுக்கு நாங்கள் 2 மி.மீ.தான் விட்டிருந்தோம். வாசலில் சில டிக்கெட்டுகளை போன் படிக்கவே இல்லை. போலி என்று நினைத்து ஒரு பெரியவரைத் தனியே நிறுத்திவைத்தோம். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

மறுநாள் படிக்காத நம்பர்களை எழுதிப் பார்த்தால், 341 முதல் 350 வரை வரிசையாக வந்தன. டிக்கெட்டுகளை வெட்டி, பத்துப் பத்தாக மெஷினில் வைத்துத் துளை போட்டிருக்கிறார்கள். அந்த ஒரு அடுக்கு மட்டும் நகர்ந்து, துளை க்யூஆரின் மூலைச் சதுரத்தில் விழுந்துவிட்டது. க்யூஆரில் பிழை திருத்தும் வசதி உண்டு, ஓரளவு அழிந்தாலும் படிக்கும். ஆனால் மூன்று மூலைகளில் இருக்கும் பெரிய சதுரங்களை வைத்துத்தான் போன் அதைக் கண்டுபிடிக்கிறது. அதில் ஒன்று கிழிந்தால் அந்த வசதி காப்பாற்றாது.

10 மி.மீ. எப்படி வருகிறது? க்யூஆரில் தெரியும் சின்னச் சின்ன கறுப்பு வெள்ளைச் சதுரம் ஒவ்வொன்றும் ஒரு கட்டம். க்யூஆரைச் சுற்றி நான்கு கட்டம் அளவுக்கு வெற்றிடம் வேண்டும். ஒரு கட்டம் 1 மி.மீ. என்றால் அதுவே 4. துளை நகர்வதற்கு 2, கிழிக்கும்போது தாள் பிய்ந்து வருவதற்கு 1. ஆக 7. கையால் கிழிப்பவரின் அவசரத்துக்காக மிச்சம் 3.

அப்புறம், க்யூஆருக்குள் நீளமான இணைய முகவரி போடாதீர்கள். எழுத்து கூடினால் கட்டங்கள் பொடியாகிவிடும். `0347-K7QX2M` மாதிரி போதும். பக்கத்துக்கு 21 கட்டத்தில் அடங்கிவிடும், 21 மி.மீ. சதுரம். பின்னால் இருக்கும் ஆறு எழுத்துகள் டிக்கெட்டுக்கு டிக்கெட் தாறுமாறாக மாற வேண்டும். வெறும் 0347 என்றால் அடுத்தது 0348 என்று எவரும் ஊகித்து அச்சடித்துவிடலாம்.

நம்பர் துளைவரிசைக்கு இரண்டு பக்கமும் வரட்டும். க்யூஆர் பார்வையாளர் கையில் இருக்கும் பெரிய பகுதியில் மட்டும். டீ குடிக்க வெளியே போய் வருபவரை அதை வைத்தே திரும்ப உள்ளே விடலாம். அடிச்சீட்டில் நம்பர் போதும், ராத்திரி கணக்குப் பார்க்க அதுதான் உதவும்.

எல்லாவற்றையும் அடிக்கும் முன், துளை போட்ட மாதிரி பத்து வாங்குங்கள். ஒருதரம் மடித்துக் கிழியுங்கள், இன்னொருதரம் மடிக்காமல் வெடுக்கென்று இழுங்கள். பிறகு, வாசலில் எந்த போனை வைத்திருப்பீர்களோ அதையே கொண்டு, சாயங்காலம் ட்யூப்லைட்டுக்குக் கீழே ஸ்கேன் செய்யுங்கள். பளபளப்பான தாளாக இருந்தால் வெளிச்சம் பட்டு மறைப்பது அங்கேதான் தெரியும். பத்தில் ஒன்று தவறினாலும் அச்சகத்தில் துளையை மாற்றச் சொல்லுங்கள்.