தண்ணி பில்டருக்கு விளம்பர வரி எழுதுவது: கேளுங்க, சொல்கிறேன்

ஹட்டன்: அக்கா, நாங்கள் கரண்ட் இல்லாமல் ஓடும் ஒரு பில்டரை விற்கப் போகிறோம். உள்ளே இருப்பது 0.1 மைக்ரோன் ஓட்டையுள்ள சவ்வு. மூன்று வரி கையில் இருக்கு: "துளிக்குத் துளி தூய்மை", "கொதிக்க வேண்டாம், அப்படியே குடிங்க", "மழை நாளிலும் கலங்காத தண்ணி". மனதில் நிற்பது, உண்மை, சிங்களத்தில் போடச் சுலபம் என்று மூன்றுக்கும் பத்துப் பத்துப் புள்ளி போட்டுக் கூட்டினால் சரிதானே?

கூட்டாதீங்க தம்பி. உண்மைக்குப் புள்ளியே போடக் கூடாது, அதில் தேறுமா தேறாதா என்பது மட்டும்தான். இல்லாவிட்டால் மற்ற இரண்டிலும் பத்துப் பத்து வாங்கிய ஒரு பொய் வரி முதலாவதாக வந்து உட்கார்ந்துவிடும். முதலில் மூன்றையும் உண்மையில் வடிகட்டுங்க, மிஞ்சியதற்குப் புள்ளி போடுங்க.

உண்மையா என்று பார்க்க நான் கேட்பது ஒரே கேள்விதான்: இந்த வரியை நம்பி ஒரு அம்மா எதைச் செய்யாமல் விடுவாள்? உங்கள் இரண்டாவது வரியை நம்பினால் அவள் கேத்தலை அடுப்பில் வைக்க மாட்டாள். ஈ.கோலை பாக்டீரியா ஒரு மைக்ரோனுக்கு மேல் நீளம், அதனால் 0.1 சவ்வில் மாட்டிக்கொள்ளும், அது சரி. ஆனால் செங்கண்மாரியைக் கொண்டுவரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் சுமார் 0.03 மைக்ரோன்தான், அந்த ஓட்டைக்குள்ளால் தாராளமாகப் போய்விடும். ஊற்றிலிருந்து குழாய் வைத்து விழ விடுகிற தோட்டத்துப் பீலித் தண்ணியில் மேலே இருக்கிற லயத்துக் கக்கூஸ் கசிந்து சேர்கிற இடங்கள் இருப்பது உங்களுக்கே தெரியும். இந்த வரி தேறாது, எவ்வளவு அழகாக இருந்தாலும்.

முதல் வரி பொய் என்று சொல்ல முடியாது, உண்மை என்றும் சொல்ல முடியாது. எதையும் குறிப்பாகச் சொல்லாத வரியைச் சோதிக்கவே வழியில்லை. வேறு எந்தக் கம்பனியின் பெட்டியில் ஒட்டினாலும் பொருந்தும்.

மூன்றாவதைப் பாருங்க. மண்ணை இந்தச் சவ்வு உண்மையாகவே நிறுத்தும், கண்ணாடித் தம்ளரில் பிடித்துக் காட்டலாம். நான் இதை வைத்துத்தான் மேலே போவேன், ஆனால் இதிலும் ஒரு சிக்கல் இருக்கு, யாராவது கேட்பார்கள் என்று நினைக்கிறேன்.

பண்டாரவளை: "99.99% கிருமி நீங்கும்" என்று ஆய்வுகூட அறிக்கையோடு போட்டால் உண்மைப் பிரச்சினை முடிந்தது. எண்ணுக்கு மொழிபெயர்ப்பும் தேவையில்லை. எதற்கு இவ்வளவு யோசனை?

பாதி சரி. எண் எந்த மொழிக்கும் அப்படியே போகும், அது பெரிய வசதிதான். ஆனால் எந்தக் கிருமி? உலக சுகாதார நிறுவனம் வீட்டுப் பில்டர்களை மதிப்பிடும்போது பாக்டீரியா, வைரஸ், புரோட்டோசோவா மூன்றையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது. பாக்டீரியாவுக்கு மட்டும் எடுத்த அறிக்கையை வைத்துக்கொண்டு "கிருமி" என்று பொதுவாகப் போட்டால் எண் சரியாக இருக்கும், வரி பொய்யாக இருக்கும். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் பொருளைப் பற்றித் தவறான எண்ணம் கொடுப்பதையும் பிடிக்கும், அதனால் "எண் சரிதானே" என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று நம்பாதீங்க. அப்புறம், அந்தச் சோதனை புதுச் சவ்வில், தெளிந்த தண்ணியில் செய்ததா என்றும் கேளுங்க.

நானுஓயா: அக்கா, எங்கள் வீட்டு பில்டரில் தண்ணி சொட்டுச் சொட்டாகத்தான் வருது, வாங்கும்போது "நிமிடத்தில் ஒரு ஜக்கு" என்று போட்டிருந்தார்கள். மாற்ற வேண்டுமா?

இங்கே வரியைப் பற்றித்தான் பேசுகிறோம் தங்கச்சி, ஆனால் நீங்கள் கேட்டது அதற்குள் நன்றாகவே வருது. சவ்வு பில்டர் என்றால் மண் அடைத்திருக்கும். பெட்டியில் சொன்ன மாதிரி பின்பக்கமாகத் தண்ணி விட்டுக் கழுவிப் பாருங்க. கழுவாமலே ஒரு நாள் திடீரென்று வேகமாக வர ஆரம்பித்தால்தான் பயப்பட வேண்டும், சவ்வு கிழிந்திருக்கலாம். ஹட்டன் தம்பி, இதைக் குறித்துக்கொள்ளுங்க: வேகத்தைச் சொல்கிற வரி வாங்கிய முதல் வாரம் உண்மை, ஐப்பசி மழை முடியும்போது பொய். சவ்வின் கடைசி மாதத்திலும் நிற்கிற வரிதான் வேண்டும்.

கண்டி: மனதில் நிற்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? ஆபீசில் எல்லோருக்கும் எல்லா வரியும் பிடிக்குது.

ஆபீசில் கேட்காதீங்க. கடைத்தெருவில் பத்துப் பேருக்கு வரியையும் பிராண்ட் பெயரையும் ஒரே ஒரு தரம் வாயால் சொல்லுங்க, எழுதிக் காட்ட வேண்டாம். மறுநாள் போய் "நேற்றுச் சொன்ன பில்டர் விளம்பரம் என்ன?" என்று மட்டும் கேளுங்க. வரியைச் சரியாகச் சொல்லி வேறு கம்பனியின் பெயரைச் சொன்னால் அது பூச்சியம்.

எனக்கு முக்கியம் என்னவென்றால், அவர்கள் தப்பாகச் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்க. ஆட்கள் எப்போதும் வரியைச் சுருக்குவார்கள், சுருக்கும்போது முதலில் விழுவது நிபந்தனைதான். "மழை நாளிலும் கலங்காத தண்ணி" என்பது "கலங்காத தண்ணி" என்று மட்டும் திரும்பி வரும். ஊர் பேசப் போவது அதைத்தான், அதனால் உண்மைச் சோதனையை அந்தச் சுருங்கிய வரிக்கும் ஒரு தரம் செய்யுங்க. இது தேறுது. "முறையாகக் கழுவினால் ஆறு மாதம் நிற்கும்" என்ற மாதிரி வரி சுருங்கினால் "ஆறு மாதம் நிற்கும்" என்று ஆகிவிடும், அது தேறாது.

மாத்தளை: எதுகை மோனை போட்டால் சிங்களத்தில் செத்துப் போகும் என்கிறார்கள். அப்போ ஓசையே இல்லாமல் எழுதணுமா?

ஓசை இருக்கட்டும், வரியின் முழுப் பாரத்தையும் அதன் தலையில் வைக்காதீங்க. "துளிக்குத் துளி தூய்மை"யில் ஓசையை எடுத்தால் மிச்சம் ஒன்றுமில்லை. கலங்காத தண்ணியில் ஓசை போனாலும் மழை, மண், தம்ளர் என்று ஒரு படம் நிற்குது. சிங்களத்தில் கலங்கல் தண்ணிக்கு "போர வதுர" என்று எல்லோரும் சொல்கிற சொல்லே இருக்கு, வினை கடைசியில் வருகிற அமைப்பும் நம்முடையது மாதிரிதான், அதனால் வரி அதிகம் உடையாது.

பயம் வேறு இடத்தில். கலங்காத என்பதற்கு மொழிபெயர்ப்பாளர் "பிரிசிது" என்று போட்டால் தெளிவு என்பது சுத்தம் என்று ஆகிவிடும், நீங்கள் தமிழில் சொல்லாத ஒரு வாக்குறுதியைச் சிங்களத்தில் கொடுத்திருப்பீர்கள். தமிழ் வரியைப் பார்க்காத ஒருவரிடம் சிங்கள வரியைக் கொடுத்துத் தமிழில் திருப்பச் சொல்லுங்க. வாக்குறுதி பெருத்துத் திரும்பினால் அந்த மொழிபெயர்ப்பு வேண்டாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து, பிறந்தது பொகவந்தலாவை: அக்கா, "பீலித் தண்ணியையும் குடிக்கலாம்" என்று போட்டால் நம் சனத்துக்கு உடனே பிடிக்குமே. ஆனால் இங்கே பீலி என்றால் கூரை ஓரத்துத் தகரம்.

பாருங்க, சிங்களத்தில் "பீல்ல" என்று அதே சொல் அதே பொருளில் இருக்கு, மாறாக இன்னொரு தமிழ் ஊருக்குப் போனால் பொருள் மாறுது. மலையகத்தில் மட்டும் விற்பதென்றால் பீலியை நான் விட மாட்டேன். வடக்குக்கும் போவதென்றால் யோசிக்கணும். ஆனால் "குடிக்கலாம்" என்று முடிந்தால் திரும்பவும் அந்த வைரஸ் கேள்விக்கே வந்துவிடுவீங்க.

ஹட்டன்: அக்கா, கலங்காத தண்ணியைப் பார்த்தும் ஒரு அம்மா கொதிக்க வைக்காமல் விடலாமே?

நான் சொன்ன சிக்கல் இதுதான் தம்பி. விடலாம். தெளிந்திருந்தால் நல்ல தண்ணி என்று நினைக்கிற பழக்கம் நம் எல்லோரிடமும் இருக்கு. நான் செய்வது: வரிக்குப் பக்கத்தில் சிரிக்கிற குழந்தைப் படம் போட விட மாட்டேன், "சுத்தம்", "பாதுகாப்பு" என்ற சொல் பெட்டியில் எங்கேயும் வரக் கூடாது, "கொதிக்க வைத்துக் குடியுங்கள்" என்பதை வரிக்கு நேர் கீழே, வாசிக்கிற அளவு எழுத்தில், மூன்று மொழியிலும் போடுவேன். ரேடியோவில் அந்த இரண்டாவது பகுதியையும் சேர்த்துச் சொல்ல நேரம் வாங்குவேன். இவ்வளவும் போதுமா என்று கேட்டால், ரேடியோவைப் பொறுத்தவரை எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. அங்கேயும் காதில் நிற்பது முதல் பகுதிதான். 0.01 மைக்ரோன் சவ்வுக்கு மாறி, வைரஸுக்கும் தனியாக அறிக்கை எடுக்க உங்கள் ஆட்கள் சம்மதிப்பார்களா என்று முதலில் கேட்டுப் பாருங்க.