போல்கி செட்டில் தங்கம் எவ்வளவு இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்

"பொண்ணு கல்யாணத்துக்கு ஒரு பெரிய செட் எடுக்கணும். குந்தன், போல்கி நல்லதா, வைர செட் நல்லதா? எடை, விலை, பின்னாடி வித்தா கிடைக்கிற பணம் எல்லாம் எப்படி?"

நகை மதிப்பீட்டு வேலையில் சில வருடங்கள் இருந்தேன். திரும்ப விற்க வந்தவர்களில் அதிகம் முகம் வாடியவர்கள் போல்கி செட் கொண்டுவந்தவர்கள்தான். அழகில் குறை இல்லை, எடைக் கணக்கில்தான் சிக்கல்.

முதலில் பெயர்க் குழப்பம். போல்கி என்பது பட்டை தீட்டாத இயற்கை வைரம். குந்தன் என்பது கல்லின் பெயரே இல்லை. சுத்தத் தங்கத் தகட்டைக் கல்லைச் சுற்றி அழுத்திப் பதிக்கும் ராஜஸ்தான் வேலைப்பாட்டின் பெயர் அது. ஆனால் கடைப் பேச்சில் 'குந்தன் செட்' என்றால் பெரும்பாலும் கண்ணாடிக் கல் வைத்ததைத்தான் சொல்வார்கள். அதை விற்றால் கல்லுக்குப் பைசா கிடைக்காது. அதனால் பில்லில் 'போல்கி வைரம்' என்ற வார்த்தையும் அதன் கேரட் எடையும் இருக்க வேண்டும்.

இந்த நகைகளின் உள்ளே கூடு மாதிரி இருக்கும், அதை அரக்கு நிரப்பி அதன்மேல்தான் கல்லை உட்கார வைப்பார்கள். வெளியே பார்த்தால் முழுத் தங்கம்.

ஒரு அம்மா கொண்டுவந்த சோக்கரைச் சொல்கிறேன். பில்லில் '22 கேரட், 86 கிராம்' என்று மட்டும் இருந்தது. பத்தே முக்கால் பவுன் என்று கணக்குப் போட்டு வந்திருந்தார். கோத்திருந்த முத்து, மணி, நூல் எல்லாம் கழற்றியதும் 16 கிராம் போய்விட்டது. கற்கள் 20 கேரட், அதாவது 4 கிராம். அரக்கு 22 கிராம். மீதி 44 கிராம்தான் தங்கம். உருக்கி டச், அதாவது தங்கத்தின் சுத்தம் பார்த்தால் 80 சதவீதம். ஆக, சுத்தத் தங்கம் சுமார் 35 கிராம். 22 கேரட் கணக்கில் ஐந்து பவுனுக்கும் கொஞ்சம் குறைவு. மொத்த எடைக்கே தங்க விலை போட்டு விற்றிருந்தது அந்தக் கடை.

இதில் இன்னொரு விஷயம். 2021 ஜூனில் ஹால்மார்க் கட்டாயமானபோது குந்தன், போல்கி, ஜடாவ் எனும் கல் பதித்த நகைகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். எனவே டச் எவ்வளவு என்பதற்குக் கடைக்காரர் வார்த்தைதான் ஆதாரம். வைர செட் அப்படியில்லை. அதில் 18 கேரட் முத்திரையும் அந்த நகைக்கே உரிய, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யுஐடி குறியீடும் இருக்க வேண்டும்.

அதே அம்மா 35 கிராமில் 5 கேரட் வைர செட் எடுத்திருந்தால்? கல் 1 கிராம், தங்கம் 34 கிராம். 18 கேரட் என்பதால் சுத்தத் தங்கம் 25.5 கிராம், கிட்டத்தட்ட மூன்றரை பவுன். தங்கம் குறைவுதான், ஆனால் வாங்கும் அன்றே தெரிந்துவிடும். கழுத்தில் பாரமும் பாதிக்கும் குறைவு. கல்யாண மேடையில் மூன்று மணி நேரம் அணிகிறவருக்கு இது சின்ன விஷயமல்ல.

கல்லுக்குத் திரும்பக் கிடைப்பது இரண்டிலுமே குறைவுதான். போல்கிக்குப் பின்னால் பளபளப்புக்காக ஒரு தகடு வைத்திருப்பார்கள். பிரித்தெடுத்தால் அந்தப் பளபளப்பு நகையோடு போய்விடும், கையில் மிஞ்சுவது மங்கலான துண்டு. தரம் பிரிக்கப் பொது அளவுகோலும் கிடையாது, வாங்குபவர் சொல்வதுதான் விலை. (தண்ணீர் உள்ளே போனால் தகடு கறுத்து, கல்லும் கறுத்த மாதிரி தெரியும். விலை பேசும்போது அதையும் காட்டிக் குறைப்பார்கள்.) வைர செட்டிலும் பொடிக் கற்களுக்கு வேறு கடைகள் பெரிதாகத் தருவதில்லை, வாங்கிய கடையே எழுதிக் கொடுத்தால்தான் உண்டு. சான்றிதழ் உள்ள பெரிய ஒற்றைக் கல் என்றால் பேரம் பேச இடம் இருக்கும். ஆய்வக வைரம் வந்த பிறகு அதிலும் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டியிருக்கிறது.

விலையைப் பொறுத்தவரை, கேரட்டுக்குக் கேரட் பார்த்தால் நல்ல தீட்டிய வைரத்தைவிட போல்கி மலிவு. ஆனால் கைவேலை அதிகம், பின்பக்கம் மீனா எனும் வண்ணப்பூச்சு வேலை இருந்தால் இன்னும் ஏறும். அந்தச் செய்கூலியில் ஒரு ரூபாய்கூடத் திரும்ப வராது.

போல்கிதான் வேண்டுமென்றால் எடுங்கள், அழகுக்காக எடுங்கள். சரி, எப்படிக் கேட்பது? நிகரத் தங்க எடை, அதன் டச், கல் கேரட், அரக்கு எடை, மணி எடை என ஐந்தையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். செய்கிறவர்கள் அரக்கு நிரப்பும் முன்பே கூட்டை நிறுத்துப் பார்ப்பார்கள். எனவே 'பிரித்துச் சொல்ல முடியாது சார்' என்றால் நம்பாதீர்கள், அடுத்த கடைக்குப் போங்கள்.