பந்தயத்துக்குக் கடன் கேட்கும் நண்பனுக்கு என்ன எழுதுவது?

கேள்வி: நானும் என் நெருங்கிய நண்பனும் டர்பனில் படிக்கிறோம். கிரிக்கெட்டில் பந்தயம் கட்ட என்னிடம் அடிக்கடி கடன் வாங்குகிறான். இனிமேல் கொடுக்க எனக்கு மனமில்லை, அவனை இழக்கவும் மனமில்லை. அவனுக்கு என்னவென்று செய்தி அனுப்புவது?

பதில்:

நானும் டர்பனில்தான் படிக்கிறேன். போன ஐ.பி.எல். நேரத்தில் என் நண்பனுக்கு இதே மாதிரி ஒரு செய்தி எழுத வேண்டி வந்தது. அதைக் கீழே அப்படியே கொடுத்திருக்கிறேன். எழுத உட்காருவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். அவன் உங்களிடம் பணம் கேட்ட வாட்ஸ்அப் செய்திகளைத் திறந்து, எந்த நேரத்துக்குக் கேட்டிருக்கிறான் என்று மட்டும் பாருங்கள்.

இந்தியாவில் இரவு ஏழரைக்குத் தொடங்கும் ஐ.பி.எல். ஆட்டம் நமக்கு மாலை நான்கு மணிக்கு வரும். பிற்பகல் ஆட்டம் என்றால் நண்பகல் பன்னிரண்டு. என் நண்பனுக்கு டாக்சிக் காசும் டேட்டாவும் சாப்பாட்டுச் செலவும் பெரும்பாலும் மூன்றரைக்கும் நான்குக்கும் நடுவில்தான் தேவைப்பட்டன. முதல் இன்னிங்ஸ் முடிந்து ஆறு மணிக்குப் பக்கத்தில் இன்னொரு செய்தி வரும். ஆட்டமே இல்லாத நாளில் அவனுக்குப் பசியும் வந்ததில்லை, டேட்டாவும் தீர்ந்ததில்லை. காரணங்களை வைத்து வாதாடினால் அவன் ஜெயிப்பான், ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நம்பும்படிதான் இருக்கும். நேரத்தை வைத்துப் பேசினால் அவனால் மறுக்க முடியாது.

பணம் எப்படிப் போகிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் அனுப்பும் காசு அவன் கணக்கில் விழுந்ததும், ஏர்டைம் விற்கும் அதே கடையில் ஒரு வவுச்சர் வாங்கி, அதிலுள்ள எண்களைப் போனில் அடித்தால் பந்தயக் கணக்கில் ஏறிவிடும். தெருமுனைக் கடை வரை நடப்பதற்கு ஆகும் நேரம்தான். அதனால் "இந்தத் தடவை சாப்பாட்டுக்கு மட்டும்" என்ற வாக்குறுதியை அவன் மனதார நம்பித்தான் சொல்லியிருப்பான், ஆனாலும் அது கடை வாசல் வரைதான் நிற்கும்.

கிரிக்கெட் அறிவைப் பற்றி அவனோடு சண்டை போடாதீர்கள். அவனுக்கு நிஜமாகவே கிரிக்கெட் தெரியும். தோற்பது அறிவுக் குறைவினால் அல்ல, விலையினால். இரண்டு அணியும் சமபலம் என்றால் நியாயமான விலை இரண்டுக்கும் 2.00, அதாவது 100 ரேண்ட் கட்டி ஜெயித்தால் 200 கைக்கு வர வேண்டும். ஆனால் பந்தயக் கடை இரண்டுக்கும் 1.85 போல வைக்கும். பத்து ஆட்டத்துக்கு நூறு நூறாகக் கட்டி ஐந்தில் ஜெயித்தாலும் திரும்ப வருவது 925தான். பாதி சரியாகச் சொன்னவனுக்கே 75 ரேண்ட் நஷ்டம். நான்கு ஆட்டத்தைச் சேர்த்து ஒரே சீட்டாகக் கட்டும் மல்டியில் இந்த வெட்டு பெருகும். நான்கும் பலித்தால் 100-க்கு ஏறக்குறைய 1,171 கிடைக்கும், பலிக்க இருக்கும் வாய்ப்போ பதினாறில் ஒன்று. சராசரியாகப் பார்த்தால் ஒவ்வொரு 100-லும் 27 ரேண்ட் போகிறது. பெரிய தொகை கண்ணில் படுவதால் அவன் அதைத்தான் விரும்பிக் கட்டுவான்.

விட்டதைப் பிடிக்க இரட்டிப்பாக்கிக் கட்டும் பழக்கம் இருந்தால் இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள். 100 போனது, 200 போனது, மூன்றாவதாகக் கட்டிய 400 பலித்தது. கட்டியது 700, வந்தது 740. நாற்பது ரேண்ட் லாபம், மனது குளிரும். அந்த மூன்றாவதும் தோற்று நான்காவதாக 800 கட்டிப் பலித்தால்? கட்டியது 1,500, வந்தது 1,480. ஜெயித்தும் இருபது ரேண்ட் நஷ்டம். ஐந்தாவது தடவை ஜெயித்தால் நஷ்டம் 140. என் நண்பன் இந்தக் கணக்கைத் தானே ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, பேனாவை வைக்காமல் மறுபடியும் போட்டான். அதன் பிறகுதான் என்னோடு உட்கார்ந்து பேசினான். ஆனால் இதை நேரில் பேசும்போது வைத்துக்கொள்ளுங்கள். செய்தியில் எழுதினால் அதற்குப் பதில் சொல்லத் தொடங்கி, முக்கியமானதை விட்டுவிடுவான்.

நான் அனுப்பியது இது. தொகையை மாற்றி, உங்கள் நண்பனுக்கு ஏற்றபடி எழுதிக்கொள்ளுங்கள்.

"டேய், இன்றைக்கு உடனே பதில் போட வேண்டாம், நிதானமாகப் படி.

இந்த வருடம் நீ என்னிடம் வாங்கியது 2,350 ரேண்ட். வங்கிக் கணக்கைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். நீ தந்தது 400. மீதி 1,950. குத்திக்காட்டச் சொல்லவில்லைடா. நம் இரண்டு பேரிடமும் ஒரே கணக்கு இருக்கட்டும்.

இனிமேல் உன் கையில் பணம் தர மாட்டேன். 50 ரேண்ட் கூட இல்லை, எந்தக் காரணத்துக்கும் இல்லை. நீ கேட்பதெல்லாம் ஆட்டம் தொடங்கும் நேரத்துக்குத்தான் வருகிறது. மேலே போய்ப் பார், உனக்கே தெரியும்.

சாப்பாடு இல்லையென்றால் என் அறைக்கு வா, இருப்பதைப் பகிர்ந்து சாப்பிடுவோம். காலையில் வகுப்புக்கு ஒன்றாகப் போவோம், டாக்சிக்கு நான் கொடுக்கிறேன். வாடகை பாக்கி என்றால் காகிதத்தைக் கொண்டுவா, சேர்ந்து பார்ப்போம்.

மஷோனிசாவிடம் வட்டிக்கு வாங்கியிருக்கிறாயா? வாங்கியிருந்தால் இப்போதே சொல். வங்கிக் கார்டையோ அடையாள அட்டையையோ அங்கே கொடுத்திருந்தால் அதையும் சொல். கத்த மாட்டேன்.

0800 006 008. சூதாட்டத்தை விட முடியாதவர்களுக்கு இலவசமாக உதவும் எண். நீ பேசும்போது பக்கத்தில் இருக்கிறேன். வேண்டாம் என்றால் வெளியே நிற்கிறேன்.

என் பணத்தைத் திருப்பித் தருவதற்காக ஒரு பந்தயமும் கட்டாதே. படிப்பு முடிந்து வேலைக்குப் போனதும் மாதாமாதம் கொடு, அதுவரை அந்தப் பேச்சை நான் எடுக்க மாட்டேன்.

உன் அம்மாவிடம் நானாகப் போய்ச் சொல்ல மாட்டேன். அவரே கேட்டால் பொய் சொல்லவும் மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எப்போதும் போல வருகிறேன்."

கடன் தொகையைச் செய்தியிலேயே எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. பந்தயம் கட்டுபவர் ஜெயித்ததை நன்றாக நினைவில் வைத்திருப்பார், சின்னச் சின்னக் கடன்களைக் கூட்டிப் பார்க்கவே மாட்டார். "ஒரு ஆயிரம் இருக்குமா?" என்றுதான் என் நண்பனும் கேட்டான். திருப்பித் தருவதைத் தள்ளிவைத்தது தாராளத்தால் அல்ல. "உன் கடனை அடைக்கத்தான் கட்டினேன்" என்பது அவனுக்குள்ளேயே மிகவும் எடுபடும் சாக்கு. அதை எடுத்துவிட வேண்டும்.

நீங்கள் பயப்படுவது எனக்குத் தெரியும்: நான் கொடுக்காவிட்டால் மஷோனிசாவிடம் போவானே? போகலாம். 100 வாங்கினால் மாதக் கடைசியில் 130, சில இடங்களில் 150 கேட்பார்கள். ஆனால் நீங்கள் கொடுத்துக்கொண்டே இருந்தாலும் கை வறண்ட நாளில் அங்கேதான் போவான், அப்போது கடனும் பெரிதாக இருக்கும். உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடுவதும், பிணையாக வங்கிக் கார்டையோ அடையாள அட்டையையோ பிடித்து வைப்பதும் இந்த நாட்டில் சட்டவிரோதம். கார்டு அங்கே இருந்தால் வங்கிக்குப் போய் அதை ரத்து செய்து புதிதாக வாங்குவது அன்றைக்கே செய்ய வேண்டிய வேலை, இல்லாவிட்டால் கல்வி உதவித்தொகை விழுந்த அன்றே எடுத்துவிடுவார்கள். அந்தப் புதுக் கார்டைக் கேட்டு யாராவது மிரட்டினால் நீங்கள் இருவர் மட்டும் போய்ப் பேசாதீர்கள், பெரியவர்கள் யாரையாவது சேர்த்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போங்கள்.

அவன் சரி என்று சொன்னால், சொன்ன சூட்டோடு அவன் போனில் உள்ள பந்தயக் கணக்குகளை மூட உட்காருங்கள். உரிமம் பெற்ற தளங்களில் தன்னைத் தானே விலக்கிக்கொள்ளும் வசதி இருக்கும். கணக்கை வெறுமனே மூடினால் மறுநாள் திறந்துவிடலாம், அதனால் விலக்கிக்கொள்ளும் வழியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு தளத்தில் விலகினால் மற்றவை திறந்தே இருக்கும். 2004-ஆம் ஆண்டின் தேசியச் சூதாட்டச் சட்டம், விலக்கப்பட்டவராகத் தன்னைப் பதிவு செய்துகொள்ளவும் வழி கொடுத்திருக்கிறது. அதை எப்படிச் செய்வது என்று மேலே சொன்ன எண்ணிலேயே கேட்கலாம். இவை எல்லாவற்றையும் அவனேதான் செய்ய வேண்டும், அவன் பெயரில் நீங்கள் செய்ய முடியாது.

செய்தியைக் காலையில், ஆட்டம் இல்லாத நாளாகப் பார்த்து அனுப்புங்கள். தோற்ற இரவில் அனுப்பினால் வெட்கத்தில் போனை அணைத்துவிடுவான், ஜெயித்த இரவில் அனுப்பினால் கடனில் பாதியை உடனே அனுப்பிவிட்டு "பார்த்தாயா" என்பான். சாவதைப் பற்றி ஏதாவது சொன்னால் கடன், பந்தயம் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு அவன் இருக்கும் இடத்துக்குப் போங்கள், தனியாக விடாதீர்கள். 0800 567 567 தற்கொலைத் தடுப்பு உதவி எண், அதுவும் இலவசம்.

என் நண்பன் முதலில் கோபப்பட்டான், கொஞ்ச நாள் பேசவில்லை. அப்புறம் சாப்பிட வந்தான். இரண்டு தளங்களில் விலகினான், மூன்றாவது ஒன்றை என்னிடம் மறைத்தான். ஜனவரியில் இங்கே எஸ்.ஏ.20 கிரிக்கெட் தொடர் நடந்தபோது அதில் மறுபடியும் கட்டினான். அதை அவனே வந்து சொன்னான், அன்றைக்குத்தான் அந்த எண்ணுக்கும் பேசினான். இப்போது ஆலோசகரைப் பார்க்கப் போய்வருகிறான். எங்கள் கூட்டத்தில் மற்றவர்களிடம் கேட்பானோ என்ற கவலை இருந்தது. எல்லோருக்கும் நான் சொல்லட்டுமா என்று அவனிடமே கேட்டேன். இரண்டு பேரின் பெயரைச் சொல்லி, அவர்களிடம் மட்டும் சொல் என்றான். அவன் அதிகமாகக் கடன் வாங்கியிருந்தது அந்த இரண்டு பேரிடம்தான்.