குவியல் ஃப்ரீஸ் ஆன பிறகு யார் எடுக்கலாம்?

“தக்கலையில் வீட்டில் நாலு பேர் கனாஸ்டா சீட்டாட்டம் ஆடுகிறோம். நானும் மச்சானும் ஒரு ஜோடி, அண்ணனும் மைனியும் இன்னொரு ஜோடி. போன வாரம் மச்சான், கழித்த சீட்டுகள் கிடக்கும் குவியலில் ஒரு 2 போட்டு ஃப்ரீஸ் செய்தான். அப்புறம் நான் ஒரு ராணி போட்டேன். மைனி கையிலிருந்த ஒரு ராணியையும் ஜோக்கரையும் காட்டி மொத்தக் குவியலையும் எடுத்துவிட்டார். கேட்டால், ‘எங்கள் ராணி செட்தான் ஏற்கெனவே கீழே கிடக்குதே’ என்கிறார். எடுக்கலாமா? இன்னொன்று, முதல் முறை செட் இறக்கும்போது குவியலில் கிடக்கிற சீட்டையும் புள்ளிக் கணக்கில் சேர்க்கலாமா?”

மைனி எடுத்தது செல்லாது. ஃப்ரீஸ் ஆன குவியலை எடுக்க ஒரே வழிதான் உண்டு. மேலே கிடக்கும் சீட்டுக்குப் பொருந்துகிற இரண்டு அசல் சீட்டுகள், அதாவது ஜோக்கரோ 2-ஓ அல்லாதவை, உங்கள் கையில் இருக்க வேண்டும். ராணி கிடந்தால் கையில் இரண்டு ராணி. ஒரு ராணியும் ஜோக்கரும் போதாது. கீழே இறக்கி வைத்திருக்கும் ராணி செட்டும் இந்த இடத்தில் உதவாது.

நம் பக்கத்தில் 28 ஆடிப் பழகியவர்களுக்கு இது முதலில் உறுத்தும். துருப்பு கையில் இருந்தால் எதையும் வெட்டலாம் என்ற பழக்கத்தில் ஜோக்கரையும் அப்படியே நினைத்துவிடுகிறார்கள். கனாஸ்டாவில் ஜோக்கருக்கும் 2-க்கும், அதாவது வைல்ட் கார்டுக்கு, வேலை செட்டை நிரப்புவது. இரண்டு கட்டிலும் சேர்த்து 2 எட்டு, ஜோக்கர் நாலு, ஆக 12 வைல்ட் கார்டுகள். செட் என்பது ஒரே வகைச் சீட்டுகளின் தொகுப்பு. அதில் குறைந்தது இரண்டு அசல் சீட்டு இருக்க வேண்டும், வைல்ட் மூன்றுக்கு மேல் போகக்கூடாது. ஏழு சீட்டு சேர்ந்தால் கனாஸ்டா. வைல்ட் கலக்காதது 500, கலந்தது 300.

குவியல் ஃப்ரீஸ் ஆகாமல் இருந்தால் மைனி செய்தது சரியாக இருந்திருக்கும். அப்போது கையில் ஒரு ராணியும் ஒரு வைல்டும் இருந்தாலே போதும். ராணி செட் கீழே இருப்பதால் கையிலிருந்து எதையும் காட்டாமல், மேலே கிடக்கும் ராணியை அந்தச் செட்டில் சேர்த்துக்கொண்டே குவியலை எடுத்திருக்கலாம். அந்த இரண்டு வழியையும் அடைக்கத்தான் உங்கள் மச்சான் ஒரு 2-ஐச் செலவழித்தார். அந்தச் சீட்டைக் குறுக்காக வையுங்கள். மேலே எத்தனை சீட்டு விழுந்தாலும் ஓரம் நீட்டிக்கொண்டு தெரியும், வாக்குவாதம் வராது. யாராவது குவியலை முறைப்படி எடுக்கும்வரை ஃப்ரீஸ் நாலு பேருக்கும் உண்டு, போட்டவருக்கும் சேர்த்து.

பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. உங்கள் ஜோடி இன்னும் ஒரு செட்டும் இறக்கவில்லை என்றால், குவியலில் வைல்டே இல்லாவிட்டாலும் உங்களுக்கு மட்டும் அது ஃப்ரீஸ்தான். எதிர் ஜோடி இறக்கிவிட்டால் அவர்களுக்குத் திறந்திருக்கும், உங்களுக்கு மூடியிருக்கும். ஒரே குவியல் ஒருவருக்கு ஒரு மாதிரி, இன்னொருவருக்கு வேறு மாதிரி என்பதில்தான் பாதி சண்டை வருகிறது.

இனி இரண்டாவது கேள்வி. முதல் இறக்கத்துக்குக் குறைந்தபட்சப் புள்ளி அதுவரை உங்கள் ஜோடி எடுத்த மொத்தத்தைப் பொறுத்தது. மைனஸில் இருந்தால் 15, 1500-க்குக் கீழே 50, 1500 முதல் 3000-க்குள் 90, அதற்கு மேல் 120. இந்தக் கணக்கில் குவியலின் மேல் சீட்டு ஒன்று மட்டும் சேரும். அடியில் கிடப்பது சேராது.

ஒரு ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். உங்கள் ஜோடியின் மொத்தம் 1620, ஆகவே 90 வேண்டும். உங்கள் கையில் ராணி இரண்டு, ஏஸ் இரண்டு, ஒரு 2, 9 இரண்டு, அப்புறம் 7, 5, 4, ஒரு கறுப்பு 3. குவியலில் பத்து சீட்டு. மேலிருந்து ராணி, ஜாக்கி, 9, 8, 6, மச்சான் குறுக்காகப் போட்ட 2, ஏஸ், ராஜா, 10, 5.

கையிலுள்ள இரண்டு ராணியை மேல் ராணியோடு சேர்த்தால், சீட்டுக்குப் பத்தாக 30. இன்னும் 60 வேண்டும். ஏஸுக்கும் 2-க்கும் இருபது இருபது, ஆகவே ஏஸ், ஏஸ், 2 என்று ஒரு செட் வைத்தால் 60. சரியாக 90. இவற்றை முதலில் மேசையில் விரித்துக் காட்டுங்கள், அதன் பிறகே குவியலைத் தொடுங்கள். குவியல் கைக்கு வந்ததும் அதிலுள்ள ஏஸை ஏஸ் செட்டில் சேர்க்கலாம், 9-ஐக் கையிலுள்ள இரண்டோடு சேர்த்துப் புதுச் செட் இறக்கலாம். மச்சான் போட்ட 2-கூட இப்போது உங்களுடையது. கடைசியாகக் கறுப்பு 3-ஐப் போடுங்கள். கறுப்பு 3 மேலே கிடக்கும்போது அடுத்தவர் குவியலை எடுக்க முடியாது.

இதே கையில் ஒரு ஏஸ்தான் இருந்தது என்று வையுங்கள். ‘குவியலுக்குள்ளே இன்னொரு ஏஸ் கிடக்கிறது, அதைச் சேர்த்தால் 90 வந்துவிடும்’ என்று தோன்றும். அது கூடாது. அந்த முறை கட்டிலிருந்து ஒரு சீட்டு எடுத்து ஆட வேண்டியதுதான்.

எப்போது ஃப்ரீஸ் செய்வது? எதிர் ஜோடி நாலைந்து செட் இறக்கி, எந்தச் சீட்டைப் போட்டாலும் எடுத்துவிடுவார்கள் என்ற நிலையில், உங்கள் கையில் ஜோடி ஜோடியாகச் சீட்டு இருந்தால் செய்யலாம். உங்கள் கையில் ஜோடிகள் இல்லையென்றால் வேண்டாம். குவியல் வளர்ந்துகொண்டே போகும், கடைசியில் அவர்களே எடுப்பார்கள்.

ஃப்ரீஸ் ஆன பிறகு எதைப் போடுவது என்பதும் மாறிவிடும். ராஜா செட் அவர்களிடம் கீழே இருக்கும்போது, திறந்த குவியலில் ராஜாவைப் போடுவது குவியலைத் தூக்கிக் கொடுப்பதற்குச் சமம். ஃப்ரீஸில் அவர்கள் கையில் இரண்டு ராஜா இருந்தால் மட்டுமே ஆபத்து. இரண்டு கட்டிலும் சேர்த்து ராஜா எட்டுதான். அவர்கள் செட்டில் நாலு, குவியலுக்குள் போனது ஒன்று, உங்கள் கையில் ஒன்று என்றால் ஆறு கணக்கில் வந்துவிட்டது. மீதி இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க வாய்ப்பு உண்டு, கொஞ்சம் யோசித்துப் போடுங்கள். உங்கள் கையில் இரண்டு இருந்தால் ஏழு தெரிந்துவிடும். அப்போது ஒன்றைப் பயமில்லாமல் போடலாம், யாராலும் எடுக்க முடியாது.